டீ-ஷர்ட் விற்கும் அக்காவும் அந்த 40 லட்சமும்

உங்க டிபார்ட்மென்ட்லயும் ஒருத்தராவது இருப்பாங்க. இன்ஸ்டால ஒரு பேஜ், திருப்பூர்ல எடுத்த டீ-ஷர்ட், ஜிபேல பணம், கூரியர்ல டெலிவரி. எங்க வீட்டுல அது என் அக்கா. போன வருஷம் வரைக்கும் "ஜிஎஸ்டி எல்லாம் பெரிய கடைக்குத்தான்"னு சொல்லிட்டு இருந்தா. ஜனவரியில அந்த நினைப்பு மாறிடுச்சு. அவளுக்காக உட்கார்ந்து படிச்சதைத்தான் இங்க எழுதறேன்.

முதல்ல எல்லை. தமிழ்நாட்டுல இருந்து பொருள் மட்டும் விற்கிறவருக்கு, ஏப்ரல்ல இருந்து மார்ச் வரைக்கும் மொத்த விற்பனை 40 லட்சம் ரூபாயைத் தாண்டினா பதிவு கட்டாயம். சேவை தருபவருக்கு 20 லட்சம். இதுல "மட்டும்" என்ற சொல்லை எல்லாரும் விட்டுடறாங்க. நீங்களே டீ-ஷர்ட் வாங்கி பிரின்ட் போட்டு வித்தா அது பொருள். கஸ்டமர் தன் டீ-ஷர்ட்டைக் கொண்டுவந்து கொடுத்து, பிரின்ட் மட்டும் போடச் சொன்னா அது சேவை. ரெண்டும் செய்தா நீங்க "பொருள் மட்டும்" விற்பவர் இல்லை, அதனால 20 லட்சக் கணக்குக்குள்ள வந்துடுவீங்க.

இந்த 40 லட்சம் லாபம் இல்லை, விற்பனை. கஸ்டமர்கிட்ட வாங்குற கூரியர் சார்ஜும் இதுல சேரும். வரியே இல்லாத பொருள் வித்திருந்தா அதுவும் சேரும். கணக்கு பான் நம்பரை வச்சுத்தான், பேஜை வச்சு இல்லை. ஒரே பான்ல மூணு இன்ஸ்டா பேஜ் நடத்தினா மூணும் ஒரே கணக்குதான்.

இனி பலரும் மாட்டிக்கிற இடம். 40 லட்சம் என்பது மாநிலத்துக்குள்ள பொருள் விற்கிறவருக்கு. வரி உள்ள பொருள் ஒன்னை வேற மாநிலத்துக்கு அனுப்பினா, பொதுவா முதல் ரூபாயிலிருந்தே பதிவு வேணும். பெங்களூருக்கு ஒரே ஒரு பார்சல் போனாலும் சரி. விழுப்புரத்துக்காரர் பாண்டிச்சேரிக்கு அனுப்பினாலும் அது வெளிமாநில விற்பனைதான், ஏன்னா அது தனி யூனியன் பிரதேசம். பஸ்ல ஒரு மணி நேரம்தானே என்பது சட்டத்துக்குத் தெரியாது. வேடிக்கை என்னன்னா, டிசைன் மாதிரி சேவையை வெளிமாநிலத்துக்குக் கொடுத்தா 20 லட்சம் வரைக்கும் இந்தக் கட்டாயம் இல்லை. ஃப்ரீலான்ஸ் பண்றவங்க நிம்மதியா இருக்கலாம். நல்லவேளை, அக்காவோட ஆர்டர் எல்லாம் தமிழ்நாட்டுக்குள்ளதான் இருந்துச்சு.

இப்ப அவ கணக்குக்கு வருவோம். ஒரு டீ-ஷர்ட் 420 ரூபாய். 2026 ஜனவரி 18 அன்னிக்கு அந்த வருஷ விற்பனை 40 லட்சத்தைத் தாண்டுச்சு. தாண்டின நாள்ல இருந்து 30 நாளுக்குள்ள gst.gov.in தளத்துல விண்ணப்பம் போடணும், ஃபார்ம் பேரு GST REG-01. அரசாங்கக் கட்டணம் எதுவும் இல்லை. அக்கா பிப்ரவரி 10 அன்னிக்குப் போட்டா, 17 அன்னிக்குச் சான்றிதழ் வந்துச்சு.

சான்றிதழ்ல "பதிவு அமலுக்கு வரும் நாள்"னு ஜனவரி 18 இருந்ததைப் பார்த்து அவ அதிர்ந்துட்டா. ஆனா விதியே அதுதான். 30 நாளுக்குள்ள விண்ணப்பிச்சா பதிவு பின்தேதியில, கடமை வந்த நாள்ல இருந்தே அமலாகும். அப்படின்னா நடுவுல ஒரு மாசம் வரி போடாம வித்ததுக்கும் வரி உண்டு. அந்த மாசம் 800 பீஸ் போயிருந்துச்சு, மொத்தம் 3,36,000 ரூபாய். பீஸுக்கு 2,500 ரூபாய் வரைக்கும் உள்ள ஆடைக்கு இப்ப 5% வரி. கஸ்டமர்கிட்ட திரும்பப் போய் "இன்னும் 21 ரூபாய் குடுங்க"னு கேட்க முடியாது. அதனால 420-க்குள்ளயே வரி இருக்குன்னு எடுத்துக்கணும்.

```
வரி = 420 × 5 / 105 = 20
பொருளின் மதிப்பு = 420 - 20 = 400
```

420-ல 5% போட்டு 21-னு எழுதறது நாம எல்லாரும் பண்ற தப்பு. 800 பீஸுக்கு 16,000 ரூபாய், அவ கையில இருந்து போகும்.

இதுல பாதிக்கு மேல திரும்ப வந்துச்சு. ஜனவரி 17 ராத்திரி அவ வீட்டுல 2,00,000 ரூபாய்க்கு விற்காத சரக்கு இருந்துச்சு. அதை வாங்கும்போது 10,000 ரூபாய் ஜிஎஸ்டி கட்டியிருந்தா, பில்லும் பத்திரமா இருந்துச்சு. 30 நாளுக்குள்ள பதிவுக்கு விண்ணப்பிச்சவருக்கு, முந்தின நாள் கையிருப்புல இருந்த சரக்குக்குக் கட்டின வரியை உள்ளீட்டு வரி வரவா எடுத்துக்க சட்டம் அனுமதிக்குது. அதுக்கு GST ITC-01 ஃபார்ம், அதுக்கும் 30 நாள் கெடு, வாங்கின பில் ஒரு வருஷத்துக்கு மேல பழசா இருக்கக்கூடாது. ஆக 16,000-ல 10,000 கழிஞ்சுது. 30 நாளைத் தவறவிட்டிருந்தா பதிவு சான்றிதழ் தேதியிலிருந்துதான் அமலாகும், இந்தக் கழிவும் கிடைக்காது. ஆனா ஜனவரி 18-ல இருந்து வரி கட்டற கடமை மட்டும் அப்படியே நிற்கும், வட்டியோட.

அடுத்து பில். சான்றிதழ் வர்றதுக்கு முன்னாடி பில்லுல வரின்னு தனியா ஒரு வரி போட்டு வசூல் பண்ணவே கூடாது. சான்றிதழ் வந்த பிறகு, அமலான நாளுக்கும் சான்றிதழ் நாளுக்கும் இடையில கொடுத்த பில்களுக்குப் பதிலா திருத்திய இன்வாய்ஸ் போடணும். சான்றிதழ் தேதியில இருந்து ஒரு மாசம் அவகாசம், அக்காவுக்கு மார்ச் 17. 800 பேருக்கும் தனித்தனியா வேண்டாம், பதிவில்லாத கஸ்டமர்களுக்குச் சேர்த்து ஒரே திருத்திய இன்வாய்ஸ் போட்டாப் போதும்.

புது பில்லுல அவ பேரு, முகவரி, 15 எழுத்துள்ள ஜிஎஸ்டி எண் வரணும். தமிழ்நாடுன்னா அது 33-ல ஆரம்பிக்கும், அடுத்த 10 எழுத்து பான் நம்பர். அந்த பத்து எழுத்து பான் வடிவத்துலயே இல்லாம ஒரு கடை பில் கொடுத்தா சந்தேகப்படலாம். அப்புறம் தேதி, பொருளின் பேரு, அளவு, மதிப்பு, வரி விகிதம், தொகை. தமிழ்நாட்டுக்குள்ளன்னா 20 ரூபாயை மத்திய ஜிஎஸ்டி 10, மாநில ஜிஎஸ்டி 10 எனப் பிரிக்கணும். பெங்களூருக்குன்னா 20-ம் ஒரே தொகையா, ஒருங்கிணைந்த ஜிஎஸ்டின்னு வரும். வாங்குறவர் பதிவு பெற்ற கம்பெனின்னா அவங்க ஜிஎஸ்டி எண்ணும் வேணும், இல்லன்னா அவங்களால வரவு எடுக்க முடியாது.

வரிசை எண்ணை லேசா எடுத்துக்காதீங்க. ஒரு நிதியாண்டுக்குள்ள ஒரு எண் ரெண்டு முறை வரக்கூடாது, தொடர்ச்சியா போகணும், 16 எழுத்துக்கு மேல கூடாது. அக்கா `TS/25-26/0001`-னு ஆரம்பிச்சா. முதல் வாரமே ஃபோன்லயும் லேப்டாப்லயும் ரெண்டு எக்செல் வச்சு ரெண்டு 0014 போட்டுட்டா. நான்தான் உட்கார்ந்து கிரெடிட் நோட் போட்டுச் சரி பண்ணினேன்.

காம்போசிஷன் திட்டத்துல வர்த்தகருக்கு 1% மட்டும்னு யாராவது சொல்வாங்க. சொல்றது சரிதான், ஆனா கஸ்டமர்கிட்ட வரி வாங்க முடியாது, வரவு எடுக்க முடியாது, வெளிமாநிலத்துக்கு விற்க முடியாது. அக்காவுக்கு ஏற்கெனவே பெங்களூர்ல இருந்து கேட்டுட்டு இருந்தாங்க. அதனால அவ அதை எடுக்கலை. ஏப்ரல்ல இருந்து விலையை 441 ஆக்கிட்டா.