96 மார்க் வாங்கியும் ஃபெயில்: ஒரு மெஸ் கிச்சன் ஆடிட்

நம்ம செமஸ்டர் கணக்குப்படி 114க்கு 96 எடுத்தவன் தாராளமா பாஸ். ஆனா ஓட்டல் கிச்சன் ஆடிட்ல அதே 96 எடுத்த கடை ஃபெயில் ஆகலாம். அது எப்படின்னு புரிஞ்சாலே இந்த ஆடிட்ல பாதி புரிஞ்ச மாதிரி. மீதிப் பாதி, ஃபெயில் ஆன அந்த ஒரு வரிக்கு என்ன குறிப்பு எழுதறோம்ங்கிறதுல இருக்கு.

முதல்ல மார்க் எப்படிப் போடறாங்கன்னு பார்ப்போம். உணவகங்களுக்கு எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. ஒரு ஆய்வுப் பட்டியல் வெச்சிருக்கு. 2011ல வந்த உரிமம் மற்றும் பதிவு ஒழுங்குமுறைகளோட நான்காவது அட்டவணைதான் அதுக்கு அடிப்படை. கட்டட அமைப்பு, சமையல் கட்டுப்பாடு, சுத்தம், ஆட்களோட சுகாதாரம், பயிற்சி, பதிவேடுன்னு தலைப்பு தலைப்பா கேள்விகள் இருக்கும். சாதாரண கேள்விக்கு 2 மார்க், நட்சத்திரக் குறி போட்ட கேள்விக்கு 4 மார்க், மொத்தம் 114. 100 அல்லது அதுக்கு மேல வந்தா ஏ பிளஸ், 91 முதல் 99 வரை ஏ, 76 முதல் 90 வரை பி. அதுக்கும் கீழே போனா கிரேடே கிடையாது.

இதுல விஷயமே அந்த நட்சத்திரம்தான். நட்சத்திரக் கேள்வி ஒண்ணுல தவறினாலும், மொத்த மார்க் எவ்வளவு இருந்தாலும் விதிக்கு இணங்காத கடைன்னுதான் அர்த்தம். குடிநீர்த் தரம், சமைக்கும் வெப்பநிலை, சமைச்ச சாப்பாட்டைப் பரிமாறும் வரைக்கும் சூடா வைக்கறது எல்லாம் இந்த வகை. சுவருக்கு நல்லா பெயின்ட் அடிச்சு வாங்கின மார்க்கை வெச்சு, ஆறிப்போன கறிக்குழம்பை ஈடு கட்ட முடியாது.

நியூயார்க்ல 2010ல இருந்து ஓட்டல் வாசல்ல எழுத்து கிரேடு ஒட்டறாங்க. அங்க கணக்கு தலைகீழ். தப்புக்குத்தான் புள்ளி, 13 வரைக்கும் வந்தா ஏ. சாப்பாட்டைச் சரியான சூட்டுல வைக்காதது மாதிரி நேரடி ஆபத்துன்னா, அந்த ஒரு தப்புக்கே குறைஞ்சது 7 புள்ளி விழும். முறை வேற, எண்ணம் ஒண்ணுதான்: எல்லாத் தப்பும் ஒரே எடை இல்லை.

சின்னாளப்பட்டியில் ஒரு மதியம்

பஸ் ஸ்டாண்டுல இருந்து கொஞ்ச தூரத்துல இருக்கிற ஒரு மெஸ்ல, ஓனர் அனுமதியோட நானும் என் கிளாஸ்மேட்டும் இந்தப் பட்டியலைப் போட்டுப் பார்த்தோம். கடைப் பேர் வேண்டாம். மதியம் சாப்பாடு, சாயந்திரம் பரோட்டா. தறி வேலைக்குப் போறவங்க, ஹாஸ்டல் பசங்க, பஸ்ஸுக்கு நிக்கறவங்கன்னு எல்லாரும் சாப்பிடற இடம். தரை சுத்தமா இருந்துச்சு. காய்கறிக்குத் தனி கட்டை, கறிக்குத் தனி கட்டை இருந்துச்சு. தண்ணி டெஸ்ட் ரிப்போர்ட்டைக் கூட ஃபைல்ல வெச்சிருந்தாங்க. கூட்டிப் பார்த்தா 96.

விட்டுப்போனது மட்டன் குழம்பு. பரிமாறக் காத்திருக்கிற சூடான சாப்பாடு 65 டிகிரிக்குக் குறையக் கூடாது, அசைவம்னா 70. குழம்பு 11 மணிக்கு நல்லா கொதிச்சது. சுமார் 12 லிட்டர் குண்டாவை அப்படியே இறக்கி, பரிமாற்ற மேசைக்குக் கொண்டு வந்துட்டாங்க. அதுக்கப்புறம் அடியில நெருப்பு கிடையாது. நாங்க அளந்தப்போ 12:15க்கு 82 டிகிரி, 1:00க்கு 73, 1:45க்கு 64, 2:30க்கு 54.

இந்த எண்களைக் கொஞ்சம் கவனிங்க. முதல் முக்கால் மணி நேரத்துல 9 டிகிரி, அடுத்ததுல 9, கடைசியில 10 குறையுது. ஆறுற பொருள் அறைச் சூட்டை நெருங்க நெருங்க மெதுவாத்தான் ஆறணும்னு நியூட்டன் விதியில படிச்சிருக்கோம். இங்க வேகம் குறையவே இல்லை. காரணம், குழம்பு தீர்ந்துக்கிட்டே வருது. பாத்திரம் அதேதான், உள்ளே இருக்கிற அளவு மட்டும் குறையுது. அதனால மிச்சம் இருக்கிறது வேகமா ஆறுது. கடைசியா வந்து சாப்பிடறவருக்குத்தான் இந்த ஆறின குழம்பு போகுது. அதனால ஆடிட்டை 11 மணிக்குப் போய்ப் பார்த்தா எந்தக் கடையும் பாஸ் ஆயிடும். பந்தி முடியற நேரத்துல போகணும்.

அளக்கறதுக்கும் ஒரு முறை இருக்கு. கம்பி மாதிரி உள்ளே குத்தற தெர்மாமீட்டர் வேணும். காய்ச்சல் பார்க்கற கன் மாதிரி இருக்கிற இன்ஃப்ராரெட் வகை மேல் பரப்பை மட்டும்தான் காட்டும். குழம்பைக் கலக்கிவிட்டு, கம்பி நுனியை நடு ஆழத்துல நிறுத்தி, எண் நின்ன பிறகு எழுதணும். தெர்மாமீட்டரையே நம்பலாமான்னு முன்னாடியே பார்த்துக்கணும். நொறுக்கின ஐஸும் கொஞ்சம் தண்ணியும் கலந்த டம்ளர்ல 0 காட்டணும். கொதிக்கிற தண்ணியில நம்ம ஊர் உயரத்துக்குக் கிட்டத்தட்ட 99 காட்டணும்.

"கொதிச்ச குழம்புல என்ன தம்பி இருக்கப் போவுது?"

மாஸ்டர் கேட்ட கேள்வி இது. நியாயமான கேள்விதான். கொதிச்சதும் பெரும்பாலான கிருமி செத்துடும். ஆனா கறிக்குழம்புல வர்ற க்ளோஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ்ங்கிற பாக்டீரியா ஸ்போர், அதாவது விதை மாதிரி ஒரு கெட்டி ஓட்டோட, கொதியைத் தாண்டியும் உயிரோட இருக்கும். சூடு 50 டிகிரி பக்கம் இறங்கினதும் அந்த விதை முளைக்கும். 43 முதல் 46 டிகிரியில ரொம்ப வேகமாப் பெருகும். நல்ல சூழ்நிலையில பத்தே நிமிஷத்துல ஒண்ணு ரெண்டாகும். கறிக்குழம்பு அதுக்கு ஏத்த இடம். புரதம் நிறைய, நடுவுல காத்து கிடையாது, பெரிய பாத்திரம்ங்கிறதால அந்தச் சூட்டை மணிக்கணக்கா விடாது.

2:30க்கு 54ல இருந்த மிச்சக் குழம்பு, மூடி போட்டு, சாயந்திரம் சால்னாவில சேரக் காத்திருந்துச்சு. உண்மையான ஆபத்து அந்த நாலு மணி நேரம்தான். வாசனை மாறாது, ருசியும் மாறாது. நாக்கால கண்டுபிடிக்க முடியாததாலதான் தெர்மாமீட்டர் தேவைப்படுது.

குறிப்பு எழுதறது எப்படி

நாங்க முதல்ல பார்த்த பழைய ஆய்வுக் குறிப்பு ஒண்ணுல "உணவைச் சூடாக வைக்கவும்"னு ஒரே வரி இருந்துச்சு. இதை யார் செய்யணும், எந்த அளவுக்கு, எப்போதுக்குள்ள, செஞ்சாங்களான்னு எப்படித் தெரியும்? ஒண்ணும் இல்லை.

இதுக்கு நல்ல மாதிரி சட்டத்துலயே இருக்கு. உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம் 2006, பிரிவு 32. நியமன அலுவலர் தர்ற மேம்பாட்டு அறிவிப்புல நாலு விஷயம் இருக்கணும்னு அது சொல்லுது: விதி மீறப்பட்டதா நம்பக் காரணம் என்ன, எந்தெந்த விஷயத்துல மீறல், சரிசெய்ய என்ன செய்யணும், எத்தனை நாளைக்குள்ள. அந்த அறிவிப்புல அவகாசம் 14 நாளுக்குக் குறையக் கூடாது. நம்ம குறிப்புக்குச் சட்ட அதிகாரம் கிடையாது. அதனால நாளைக்கேன்னு கூட தேதி போடலாம், ஆனா அந்த நாலு பகுதியை எடுத்துக்கலாம்.

அதோட ஒரு வித்தியாசத்தையும் தெளிவா வெச்சுக்கணும். இன்னிக்கு ஆறின குழம்பைக் கொட்டறது திருத்தம். நாளைக்குக் குழம்பு ஆறாம இருக்க வழி செய்யறது திருத்த நடவடிக்கை. ரெண்டாவதுக்குக் காரணம் தெரியணும். "ஊழியரின் கவனக்குறைவு"ன்னு எழுதினா விசாரணையை நிறுத்திட்டோம்னு அர்த்தம். ஏன்னு கேட்டுக்கிட்டே போனோம். குண்டாவை ஏன் இறக்கினாங்க? அடுப்பு வேணும். எதுக்கு? 12 மணிக்கு ஆம்லெட்டுக்குத் தோசைக்கல் ஏத்தணும். வேற பர்னர் இல்லையா? இருக்கு, ஆனா அதுல சாயந்திரத்துக்குச் சால்னா மசாலா மதியமே வதங்குது. ஆக, காரணம் அடுப்பு அட்டவணை.

எழுதின குறிப்பு இது:

> கண்டது: மட்டன் குழம்பு 1:45க்கு 64, 2:30க்கு 54 டிகிரி. தேவை 70. நட்சத்திரக் கேள்வி.
> இன்றைய திருத்தம்: மிச்சக் குழம்பு கொட்டப்பட்டது. சால்னாவில் சேர்க்கவில்லை.
> காரணம்: 12 முதல் 3 மணி வரை குழம்புக்கு அடுப்பு இல்லை.
> நடவடிக்கை: மசாலா வதக்கல் 3 மணிக்கு மேல். பெரிய குண்டா சிறு தீயில் இருக்கும். மேசைக்கு 3 லிட்டர் பாத்திரம், மூடியோடு. 30 நிமிடத்துக்கு ஒருமுறை பாத்திரத்தையே மாற்ற வேண்டும். பழையதன் மேல் புதியதை ஊற்றக் கூடாது.
> 70க்குக் கீழே போனால்: எப்போது இறங்கியது என்று தெரிந்தால், உடனே 75 டிகிரிக்கு ஏற்றி 2 நிமிடம் வைக்கவும். தெரியாவிட்டால் கொட்டவும்.
> பொறுப்பு: மாஸ்டர். நாள்: நாளை முதல். பதிவு: 12:30, 1:15, 2:00, 2:45 அளவுகள்.

சின்னப் பாத்திரம் பெரியதை விட வேகமா ஆறும். அதனாலதான் 30 நிமிஷம்னு போட்டோம். புதுசா அடுப்பு வாங்கச் சொல்லலை. செலவு ஒரு தெர்மாமீட்டரும் ஒரு நோட்டும்தான்.

ஓனர் அண்ணன் ஒண்ணு கேட்டார்: "அந்த 96ஐ மட்டும் ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்கப்பா, கல்லாப்பக்கம் ஒட்டிக்கறேன்." குடுக்கலை. அந்த எண்ணைப் பார்த்து நம்பி 2:30க்கு உட்கார்றவருக்கு அது பொய். அண்ணனுக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

மறுபடி போனப்போ

ரெண்டு வாரம் கழிச்சு, சொல்லாம, 2 மணிக்குப் போனோம். மேசையில இருந்த பாத்திரத்துல 76. முக்கால் மணி கழிச்சு 74. அடுப்பு காலியா இருந்துச்சு, மசாலா இன்னும் ஏறலை. நடவடிக்கை வேலை செய்யுது.

ஆனா நோட்டுல மூணு நாள் நாலு நேரமும் 75, 75, 75, 75ன்னு இருந்துச்சு. நிஜமான அளவு அப்படி வராது. 78, 73, 77ன்னு ஏறி இறங்கும். ஒரே எண், ஒரே பேனா, ஒரே சாய்வு எழுத்துன்னா உட்கார்ந்து மொத்தமா நிரப்பினதுன்னு சந்தேகப்படலாம். கேட்டோம். தெர்மாமீட்டர் பேட்டரி தீர்ந்துபோச்சு. கட்டம் காலியா இருந்தா திட்டு விழும்னு பரிமாறற தம்பி எதையோ எழுதியிருக்கார்.

ரெண்டாவது குறிப்புல ரெண்டே வரி சேர்த்தோம். டிராயர்ல ஒரு உபரி பேட்டரி இருக்கணும். அளக்க முடியலைன்னா "அளக்கவில்லை"ன்னு எழுதணும், அதுக்கு யாரும் திட்டக் கூடாது. ஓனரும் மாஸ்டரும் அதுல கையெழுத்துப் போட்டாங்க. "அளக்கவில்லை"ன்னு ஒரு கட்டம் இருக்கிற நோட்டுலதான் மத்த கட்டங்களை நம்ப முடியும்.