ஸ்கோர் குறைந்தது சரி, நோயாளிக்குத் தெரிந்ததா?

மருத்துவ ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்த சில மாதங்களுக்குள் இப்படி ஓர் அட்டவணை உங்கள் மேசைக்கு வந்துவிடும். ஒரு பத்தியில் மருந்து, அடுத்த பத்தியில் போலி மருந்து, பக்கத்தில் நோயாளிகள் நிரப்பிய வினாத்தாளின் ஸ்கோர் வித்தியாசம், கடைசியில் 0.001-க்கும் கீழே ஒரு பி வேல்யூ. "நல்ல ரிசல்ட்" என்று எழுதி அனுப்பிவிடக் கை துறுதுறுக்கும். கொஞ்சம் பொறுங்கள். மருந்து ஒன்றுமே செய்யாதிருந்தால் இவ்வளவு வித்தியாசம் தற்செயலாக வருவது அரிது என்பதை மட்டும்தான் பி வேல்யூ சொல்கிறது. ஆயிரக்கணக்கில் ஆள் சேர்த்துவிட்டால் அரைப் புள்ளி வித்தியாசம்கூட அந்தச் சோதனையில் தேறிவிடும். அரைப் புள்ளியால் ஒருவருக்கு மாடிப்படி ஏறுவது சுலபமாகிவிட்டதா என்பது வேறு கேள்வி.

அந்தக் கேள்விக்குப் பயன்படும் எண்ணுக்குக் குறைந்தபட்ச முக்கிய வேறுபாடு என்று பெயர். அலுவலகத்தில் எல்லோரும் எம்.ஐ.டி. என்பார்கள். "இந்த வினாத்தாளுக்கு எம்.ஐ.டி. எவ்வளவு?" என்று கேட்டால் உடனே ஓர் எண்ணைச் சொல்வார்கள். அந்த எண் எப்படிப் பிறந்தது என்று தெரிந்தவர் குறைவு. அது தெரியாமல் அதைப் பயன்படுத்தினால் எங்கே வழுக்கும் என்பதும் தெரியாது.

கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் யெஷ்கே, சிங்கர், கயாட் ஆகிய மூவர் 1989-இல் செய்த வேலையிலிருந்து தொடங்குவோம். அவர்களிடம் இருந்தவர்கள் நாள்பட்ட நுரையீரல் நோயாளிகளும் இதய நோயாளிகளும். மூச்சுத் திணறல், களைப்பு, மனநிலை பற்றிய கேள்விகளுக்கு ஏழு படிகளில் பதில் வாங்கியிருந்தார்கள். சில வாரம் கழித்து மறுபடியும் அதே கேள்விகள். அதோடு தனியாக இன்னொரு கேள்வியையும் சேர்த்தார்கள்: போன தடவைக்கு இப்போது மோசமா, அப்படியேதானா, தேவலையா? மாற்றம் இருந்தால் எவ்வளவு? மிக மோசம் என்ற −7-இலிருந்து மிக நல்லது என்ற +7 வரை 15 படிகள். 1 முதல் 3 வரை சொன்னவர்களைச் சிறிய மாற்றம் கண்டவர்களாக வைத்துக்கொண்டு, அவர்களுடைய வினாத்தாள் ஸ்கோர் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று பார்த்தார்கள். ஒரு கேள்விக்குச் சுமார் 0.5 புள்ளி. அவ்வளவுதான் விஷயம். எந்தச் சூத்திரமும் இந்த எல்லையைக் கொடுக்கவில்லை, நோயாளிகளே கொடுத்தார்கள். அந்தத் தனிக் கேள்வியைத்தான் தொழிலில் ஆங்கர் கேள்வி என்கிறோம்.

எனவே எம்.ஐ.டி.யின் தரம் ஆங்கர் கேள்வியின் தரத்தைத் தாண்டாது. இதை நான் ஒரு பின்தொடர்தல் வேலையில் கற்றுக்கொண்டேன். தொலைபேசியில் பதில் வாங்கிய எங்கள் பையன், "இப்ப எப்படி இருக்கீங்கய்யா?" என்று கேட்டிருந்தான். பாதிப் பேர் சொன்ன பதில்: "பரவாயில்லப்பா." அவன் அத்தனையையும் +2 என்று குறித்துவிட்டான். நம் ஊரில் "பரவாயில்லை" என்றால் முன்னைக்குத் தேவலை என்றும் பொருள், பெரிய குறை ஒன்றுமில்லை என்றும் பொருள், பேச்சை முடித்துக்கொள் என்றும் பொருள். அந்தத் தரவு முழுவதையும் மறுபடி கேட்க வேண்டியதாயிற்று. இரண்டாம் முறை கேள்வியை இரண்டாக உடைத்தோம். முதலில் "எட்டு வாரத்துக்கு முன்னாடி இருந்ததுக்கு இப்ப மூச்சு வாங்குறது கூடியிருக்கா, குறைஞ்சிருக்கா, அப்படியேதான் இருக்கா?" அதற்குப் பதில் வந்த பிறகே "எவ்வளவு?" கேள்வியில் காலமும் இருக்க வேண்டும், எதைப் பற்றிக் கேட்கிறோம் என்பதும் இருக்க வேண்டும். பொதுவாக நலம் விசாரித்தால் பொதுவான பதில்தான் வரும்.

இனி ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். சி.ஓ.பி.டி. நோயாளிகளுக்கு கேட் என்று ஒரு சின்ன வினாத்தாள் உண்டு. எட்டுக் கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5, மொத்தம் 40. ஸ்கோர் கூடினால் நோய்ச்சுமை கூடுதல். 120 பேர் எட்டு வாரம் மூச்சுப் பயிற்சிக்கு வந்ததாக வைத்துக்கொள்வோம். எண்கள் கணக்குக்காக நான் வைத்தவை. முடிவில் ஆங்கர் கேள்விக்கு 40 பேர் "அப்படியேதான்" என்கிறார்கள், அவர்கள் ஸ்கோர் சராசரியாக 0.9 குறைந்திருக்கிறது. "கொஞ்சம் தேவலை" என்ற 35 பேருக்கு 2.6 குறைந்திருக்கிறது. "நல்ல முன்னேற்றம்" என்ற 30 பேருக்கு 5.8. மீதி 15 பேர் மோசம் என்கிறார்கள், அவர்கள் ஸ்கோர் 2.1 கூடியிருக்கிறது.

எண்ணைத் தூக்கும் முன் இரண்டு சோதனைகள். ஒன்று, ஆங்கர் பதிலுக்கும் ஸ்கோர் மாற்றத்துக்கும் உள்ள ஒட்டுறவு. குறியை விட்டுவிட்டுப் பார்த்தால் அது குறைந்தது 0.3 இருக்க வேண்டும் என்பது வழக்கமான கீழ்வரம்பு. அதற்கும் கீழே போனால் அந்த ஆங்கரும் வினாத்தாளும் வெவ்வேறு விஷயத்தைப் பேசுகின்றன. கணக்கை அங்கேயே நிறுத்துங்கள். இரண்டாவது சோதனையைப் பலர் செய்வதே இல்லை. ஆங்கர் பதிலைத் தொடக்க ஸ்கோரோடும் இறுதி ஸ்கோரோடும் தனித்தனியே ஒப்பிட வேண்டும். நோயாளி உண்மையிலேயே மாற்றத்தை எடைபோட்டிருந்தால் இரண்டோடும் ஏறத்தாழ ஒரே அளவு ஒட்டுறவு, எதிரெதிர்க் குறிகளோடு வரும். இறுதி ஸ்கோரோடு மட்டும் ஒட்டி, தொடக்க ஸ்கோரோடு ஒட்டாமல் நின்றால், அவர் இன்றைய நிலையைச் சொல்லியிருக்கிறார், எட்டு வாரத்துக்கு முந்தியதை மறந்துவிட்டார். லிஃப்ட் வேலை செய்யாத நாளில் இரண்டு மாடி ஏறி வந்து மூச்சிரைக்க உட்கார்ந்தவரிடம் "முன்னைக்கு எப்படி?" என்று கேட்டால் என்ன பதில் வரும்?

இரண்டிலும் தேறிவிட்டது என்றால், "கொஞ்சம் தேவலை" குழுவின் 2.6-ஐ எம்.ஐ.டி. என்பார்கள் சிலர். "அப்படியேதான்" என்றவர்களுக்கும் 0.9 குறைந்திருக்கிறதே, அதைக் கழித்து 1.7 என்பார்கள் வேறு சிலர். இரண்டும் புழக்கத்தில் உள்ள முறைகளே. எதைச் செய்தோம் என்று எழுத வேண்டும், அவ்வளவுதான். கேட் வினாத்தாளுக்கு ஆய்வாளர்கள் பொதுவாக எடுத்துக்கொள்ளும் எண் 2 என்பதால் நம் கணக்கு ஊரோடு ஒத்துப்போகிறது.

இங்கேதான் பெரிய வழுக்கல். சராசரியில் பிறந்த 2 என்ற எண்ணைத் தனி ஆளிடம் கொண்டுபோய், "ஐயாவுக்கு ரெண்டு பாயிண்ட் குறைஞ்சிருக்கு, முன்னேற்றம்" என்று எழுதிவிடுகிறார்கள். மாற்றமே இல்லாத ஒருவரிடம் இரண்டு தடவை கேட்டாலும் ஸ்கோர் கொஞ்சம் ஆடும். அந்த ஆட்டத்தின் அளவை இப்படிக் கணக்கிடலாம்:

```
SEM   = SD × √(1 − r)
MDC95 = 1.96 × √2 × SEM
```

`SD` என்பது ஸ்கோர்களின் திட்ட விலக்கம், `r` என்பது வினாத்தாளின் நம்பகத்தன்மை. நம் கற்பனைக் குழுவில் திட்ட விலக்கம் 7, நம்பகத்தன்மை 0.85 என்று வைத்தால் `SEM` சுமார் 2.7 வரும், `MDC95` சுமார் 7.5. அதாவது ஒரே ஆளிடம் ஏழெட்டுப் புள்ளி நகர்ந்தால்தான், இது வெறும் ஆட்டம் இல்லை என்று 95 சதவீத உறுதியோடு சொல்லலாம். அவர் உணரக்கூடிய அளவு 2, அளவுகோல் பிரித்துக் காட்டக்கூடிய அளவு 7.5. நூறு பேரின் சராசரியில் இந்த ஆட்டம் பெரும்பாலும் கரைந்துவிடும், ஒருவரிடம் கரையாது. பிசியோதெரபி துறையில் இருப்பவர்கள் ஒரு நோயாளியின் கோப்பில் எழுதும்போது இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இடையில் விழும் மாற்றத்துக்கு என் வழி: ஸ்கோரை நம்பாமல் நோயாளியிடமே கேட்டு, அவர் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதிவிடுவது.

ஆங்கர் கேள்வியே இல்லாத தரவு வந்தால் திட்ட விலக்கத்தில் பாதியை எம்.ஐ.டி.யாக வைக்கும் பழக்கம் உண்டு. நார்மன் குழுவினர் 2003-இல் பல ஆய்வுகளைத் தொகுத்தபோது பெரும்பாலான எம்.ஐ.டி.க்கள் அந்த அளவை ஒட்டியே விழுவதைக் கண்டார்கள். கைக்கு வேறொன்றும் இல்லாதபோது அது ஒரு தற்காலிக முட்டு. அதில் நோயாளியின் குரல் இல்லை என்பதை மறக்கக் கூடாது.

எதிர்த்திசையிலும் வழுக்கும். 2008-இல் வெளியான அப்லிஃப்ட் ஆய்வைப் பாருங்கள். ஏறத்தாழ 6,000 சி.ஓ.பி.டி. நோயாளிகள், நான்கு ஆண்டுகள், டையோட்ரோபியம் இன்ஹேலரா போலி இன்ஹேலரா என்ற போட்டி. வாழ்க்கைத் தரத்தை செயின்ட் ஜார்ஜஸ் சுவாச வினாத்தாளால் அளந்தார்கள். 0 முதல் 100 வரை ஓடும் அதற்கு எம்.ஐ.டி. 4 என்பது நீண்டநாள் வழக்கு. இரு குழுக்களின் சராசரி வித்தியாசமோ சுமார் 2.7 தான். "நாலைத் தொடவில்லை, ஆகவே பயனில்லை" என்று எழுதத் தோன்றும். ஆனால் 4 என்பது ஒரு நோயாளி தன்னுடைய பழைய நிலையிலிருந்து நகர வேண்டிய தூரம். குழுச் சராசரிகளுக்கு இடையிலான இடைவெளி வேறு சரக்கு. எல்லோருக்கும் சமமாக 2.7 கிடைத்தாலும் சராசரி 2.7 தான், சிலருக்குப் பத்துப் பத்தாகக் கிடைத்து மற்றவர்களுக்கு ஒன்றுமே கிடைக்காவிட்டாலும் சராசரி அதேதான். முதல் நிலையில் மருந்தின் பயனை உணர்ந்தவர் ஒருவரும் இருக்க மாட்டார். இரண்டாவதில் சிலருக்கு வாழ்க்கையே மாறியிருக்கும்.

எனவே தலைகளை எண்ண வேண்டும். நான்காம் ஆண்டு முடிவில் 4 புள்ளியோ அதற்கு மேலோ முன்னேறியவர்கள் மருந்துக் குழுவில் 45 சதவீதம், போலி மருந்துக் குழுவில் 36 சதவீதம். வித்தியாசம் நூற்றுக்கு 9. சுமார் 11 பேருக்கு மருந்து கொடுத்தால் கூடுதலாக ஒருவர் அந்தக் கோட்டைத் தாண்டுகிறார். இது பெரிய வெற்றியும் இல்லை, ஒன்றுமில்லாததும் இல்லை. விளம்பரத்துக்கு எழுதுபவர்கள் 45-ஐ மட்டும் எடுத்துக்கொண்டு போவார்கள், விடாதீர்கள். போலி மருந்தில் தேறிய 36 சதவீதத்தினரில் மற்ற மருந்துகளின் வேலையும் இருக்கலாம், நோயின் இயல்பான ஏற்ற இறக்கமும் இருக்கலாம், மேலே சொன்ன ஸ்கோர் ஆட்டமும் இருக்கலாம். அவை அந்த 45-க்குள்ளும் இருக்கின்றன. தலை எண்ணுவதிலும் குறை இல்லாமல் இல்லை. 3.9 முன்னேறியவர் தோற்றவர் ஆகிவிடுகிறார், 4.1 முன்னேறியவர் 20 முன்னேறியவருக்குச் சமமாகிவிடுகிறார். அதனால் நான் சராசரி வித்தியாசம், அதன் நம்பிக்கை இடைவெளி, தலைக்கணக்கு மூன்றையும் ஒரே வரிசையில் போடுவேன்.

அறிக்கையில் வாசகம் இப்படி இருக்கலாம்: "குழுக்களுக்கிடையே சராசரி வித்தியாசம் 2.7. தனிநபர் எம்.ஐ.டி.யாகக் கொள்ளப்படும் 4 புள்ளி முன்னேற்றத்தை எட்டியவர்கள் 45 சதவீதம், ஒப்பீட்டுக் குழுவில் 36 சதவீதம்." அட்டவணைக்குக் கீழே சின்ன எழுத்தில் அந்த 4 எந்த நோயில், எந்த ஆங்கரை வைத்து, எத்தனை வார இடைவெளியில் கிடைத்தது, முன்னேற்றத்துக்கானதா மோசமாவதற்கானதா என்று எழுதுங்கள். கூர்மையான மதிப்பாய்வாளர் முதலில் படிப்பது அந்தச் சின்ன எழுத்தைத்தான்.