கம்பிக் கூடைக்குள் கல்: மலைச்சரிவைத் தாங்கும் சுவரின் கணக்கு

மாணவர்களே, பிரிஞ்சாங் பட்டணத்திலிருந்து சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்திற்குப் போகும் பாதையைப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு பக்கம் மேடு, மறுபக்கம் பள்ளம். மேட்டை வெட்டித்தான் பாதை போட்டிருக்கிறார்கள். கேமரன் மலையின் பெரும்பகுதி கருங்கல் பாறைதான். ஆனால் வெயிலும் மழையும் சேர்ந்து நெடுங்காலமாக அந்தப் பாறையின் மேற்பகுதியை அரித்து, மணலும் களிமண்ணும் கலந்த ஆழமான மண்ணாக மாற்றிவிட்டன. காய்ந்திருக்கும்போது இந்த மண் செங்குத்தாகக்கூட நிற்கும். நனைந்துவிட்டால் நிற்காது. ஆண்டுக்கு ஏறத்தாழ 2,700 மில்லிமீட்டர் மழை பெய்யும் இடம் இது.

2024 ஜனவரி 26-ஆம் நாள் அதிகாலையில், பிரிஞ்சாங்கிற்கு வடக்கே கம்போங் ராஜா பக்கமுள்ள புளூ வேலியில் மண் சரிந்து ஐந்து பேர் உயிரிழந்தனர். மலையில் வாழ்பவர்களுக்கு மண் எப்படி நகர்கிறது, அதை எது தாங்கும் என்பது வெறும் பாடம் அல்ல.

மலைச்சாலை ஓரங்களில், கம்பி வலைக்குள் கற்களை அடைத்துப் படிப்படியாக அடுக்கிய சுவர்களைக் கண்டிருப்பீர்கள். இவற்றுக்குக் கேபியன் சுவர் என்று பெயர். ‘பெரிய கூண்டு’ என்று பொருள்படும் இத்தாலியச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. முற்காலத்தில் போர்க்களங்களில் பிரம்புக் கூடைகளில் மண்ணை நிரப்பி அரணாக வைத்தார்கள். 1890-களில் இத்தாலியின் பொலோஞ்ஞா நகரத்துக்கு அருகே ரேனோ ஆற்றில் கம்பிக் கூடைகளில் கல்லை நிரப்பிப் பயன்படுத்தினார்கள். இன்றைய கேபியன் அதன் வழிவந்தது.

பெட்டியும் கல்லும்

கேபியன் பெட்டியின் வழக்கமான அளவு 2 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், 1 மீட்டர் உயரம். நடுவில் ஒரு வலைத் தடுப்பு இருக்கும். 1.5 மீட்டர் நீளப் பெட்டிகளும் உண்டு. வலையின் கண்கள் அறுகோண வடிவில், சுமார் 8 சென்டிமீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்டவை. கம்பிகள் ஒன்றையொன்று இரண்டு முறை முறுக்கிப் பின்னப்பட்டிருப்பதால், ஒரு கம்பி அறுந்தாலும் வலை முழுவதும் பிரிந்து போகாது. கம்பியின் மேல் துத்தநாகப் பூச்சு இருக்கும். ஈரமான இடங்களில் அதற்கு மேல் பிளாஸ்டிக் உறையும் போடுவார்கள்.

கல்லின் அளவை முடிவு செய்வது வலைக்கண்தான். கண்ணைவிடச் சிறிய கல் வெளியே நழுவிவிடும். மிகப் பெரிய கல்லைப் போட்டால் இடையில் பெரிய ஓட்டைகள் விழும். அதனால் 10 முதல் 25 சென்டிமீட்டர் வரையுள்ள கற்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். கல் கடினமானதாகவும் இருக்க வேண்டும். சுத்தியலால் தட்டினால் ‘கணீர்’ என்று ஒலிக்கும் கருங்கல் நல்லது. மந்தமாக ஒலித்து, ஓரம் பொடியாக உதிர்ந்தால், அது பாதி மண்ணாகிவிட்ட கல். பெட்டிக்குள் அது நொறுங்கினால், அந்த அளவுக்கு இடம் காலியாகும்; மேல் பெட்டி இறங்கும்.

ஒரு பெட்டியில் எவ்வளவு கல்?

2 × 1 × 1 என்றால் பெட்டியின் கொள்ளளவு 2 கன மீட்டர். ஆனால் அதற்குள் 2 கன மீட்டர் கல் இருக்காது. கற்களுக்கு இடையே வெற்றிடம் இருக்கிறது அல்லவா?

இதை வீட்டிலேயே அளந்து பார்க்கலாம். 10 லிட்டர் வாளியில் எலுமிச்சை அளவுள்ள கற்களை விளிம்புவரை அடுக்குங்கள். பிறகு அளவுக் குவளையால் நீரை ஊற்றுங்கள். வாளி நிரம்ப 3.5 லிட்டர் நீர் பிடித்தால், வெற்றிடம் 35 விழுக்காடு. மீதி 65 விழுக்காடுதான் கல். அதே கற்களை அடுக்காமல் கொட்டி, மறுபடியும் அளந்து பாருங்கள். நீர் கூடுதலாகப் பிடிக்கும்.

நன்றாக அடுக்கிய கேபியனில் வெற்றிடம் பொதுவாக 30 முதல் 40 விழுக்காடு வரை இருக்கும். நாம் 35 என்று வைத்துக்கொள்வோம். வெற்றிடமே இல்லாத கருங்கல் ஒரு கன மீட்டர் சுமார் 2.65 டன் எடை. ஆகவே,

1 கன மீட்டர் பெட்டியின் எடை = 2.65 × 0.65 = 1.72 டன்

2 கன மீட்டர் பெட்டியின் எடை = 3.44 டன்

ஒரு மீட்டருக்கு எத்தனை பெட்டி?

ஒரு தோட்டச் சாலையின் ஓரத்தில் 3 மீட்டர் உயரம், 20 மீட்டர் நீளமுள்ள சுவர் கட்டுவதாக வைத்துக்கொள்வோம். மேலிருந்து கீழே போகப் போக மண் தள்ளும் விசை கூடும். அதனால் அடி அடுக்கு 2 மீட்டர், நடு அடுக்கு 1.5 மீட்டர், மேல் அடுக்கு 1 மீட்டர் என்று அகலத்தை மாற்றுகிறோம்.

அடி அடுக்கில் 2 மீட்டர் பெட்டியின் நீளம் மேட்டை நோக்கி இருக்கும்படி குறுக்கே வைக்கிறோம். அப்போது சாலை நீளத்தில் ஒரு பெட்டி 1 மீட்டரை அடைக்கும். ஆகவே மீட்டருக்கு 1 பெட்டி. நடு அடுக்கில் 1.5 மீட்டர் பெட்டியைக் குறுக்கே வைத்தால் அதுவும் மீட்டருக்கு 1. மேல் அடுக்கில் 2 மீட்டர் பெட்டியைச் சாலை நீளத்திலேயே வைக்கிறோம். ஒரு பெட்டி 2 மீட்டரை அடைப்பதால் மீட்டருக்கு அரைப் பெட்டி.

20 மீட்டருக்குக் கணக்கிட்டால், 2 மீட்டர் பெட்டிகள் 20 + 10 = 30; 1.5 மீட்டர் பெட்டிகள் 20. மொத்தம் 50 பெட்டிகள்.

கல்லின் கணக்கு இதோ. ஒரு மீட்டர் நீளச் சுவரின் கொள்ளளவு 2 + 1.5 + 1 = 4.5 கன மீட்டர். அதன் எடை 4.5 × 1.72 = 7.74 டன். 20 மீட்டருக்கு 90 கன மீட்டர், ஏறத்தாழ 155 டன்.

அப்படியானால் 90 கன மீட்டர் கல்லுக்குச் சொல்லி அனுப்பினால் போதுமா? போதாது. லோரியில் கல் கொட்டிய நிலையில் வருகிறது. அதில் வெற்றிடம் 45 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். நமக்குத் தேவையான உண்மையான கல் 90 × 0.65 = 58.5 கன மீட்டர். லோரியில் ஒவ்வொரு கன மீட்டரிலும் கல் 0.55 மட்டுமே. ஆகவே 58.5 ÷ 0.55 = 106 கன மீட்டர் வாங்க வேண்டும். இதனால்தான் பலர் கல்லை எடைக் கணக்கில் வாங்குகிறார்கள். எப்படிக் கொட்டினாலும் 155 டன் 155 டன்தானே!

சுவர் நிற்குமா?

இந்தச் சுவரை மண்ணில் பிடித்து வைத்திருப்பது அதன் எடை மட்டுமே. பின்னால் உள்ள மண் அதை முன்னே தள்ளுகிறது. அடியில் உள்ள உராய்வு அதைத் தடுக்கிறது.

மண் ஒரு கன மீட்டர் 1.8 டன் எடை. அதில் மூன்றில் ஒரு பங்கு பக்கவாட்டில் அழுத்துகிறது என்று கொள்வோம். 3 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் 1.8 × 3 ÷ 3 = 1.8 டன். உச்சியில் சுழியம். சராசரி 0.9. இதை 3 மீட்டர் உயரத்தால் பெருக்கினால், ஒரு மீட்டர் நீளச் சுவரின் மேல் 2.7 டன் எடைக்குச் சமமான தள்ளுவிசை. உராய்வுக் கெழு 0.58 என்றால் தடுக்கும் விசை 7.74 × 0.58 = 4.5 டன். தடுக்கும் விசை தள்ளும் விசையைப் போல் 1.66 மடங்கு. குறைந்தது 1.5 மடங்கு இருக்க வேண்டும் என்பது பொறியாளர்கள் பின்பற்றும் விதி. சுவர் நிற்கும்.

கற்களை அடுக்காமல் கொட்டி, வெற்றிடம் 45 விழுக்காடு ஆனால்? ஒரு கன மீட்டர் எடை 1.46 டன்னாகக் குறையும். தடுக்கும் விசை 3.8 டன், மடங்கு 1.4. வெளியிலிருந்து பார்க்க இரண்டு சுவர்களும் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் ஒன்று விதிக்குள் நிற்கிறது, மற்றது நிற்கவில்லை.

இப்போது மழையைச் சேர்ப்போம். இதே எடையுள்ள சுவரைத் துளையே இல்லாமல் சிமெண்டால் கட்டி, பின்னால் மழைநீர் உச்சிவரை தேங்கிவிட்டது என்று வையுங்கள். 3 மீட்டர் ஆழத்தில் நீரின் அழுத்தம் 3 டன், சராசரி 1.5, விசை 4.5 டன். நீரில் மூழ்கிய மண் தள்ளுவது இன்னும் 1.35 டன். மொத்தம் 5.85 டன். தடுப்பதோ 4.5 டன் மட்டுமே. சுவர் நகர்ந்துவிடும்!

கேபியனில் நீர் தேங்குவதில்லை. கற்களின் இடைவெளி வழியே வடிந்துவிடுகிறது. எடையைக் குறைக்கும் அதே வெற்றிடம்தான் மழை நாளில் சுவரைக் காப்பாற்றுகிறது.

எங்கே தவறு நேர்கிறது?

நீர் வடியும்போது மண்ணும் கூடவே வந்துவிடக் கூடாது. அதற்காகச் சுவருக்கும் மண்ணுக்கும் இடையே வடிதுணி விரிக்கிறார்கள். அதை விட்டுவிட்டால், ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் மண் கற்களுக்குள் இறங்கும். சுவரின் அடியில் சேற்றுநீர் கசிவதும், சுவருக்குப் பின்னால் தரையில் குழி விழுவதும் இதன் அடையாளங்கள்.

பெட்டியை ஒரே மூச்சில் நிரப்பக் கூடாது. மூன்றில் ஒரு பங்கு நிரப்பியதும் முன்முகத்தையும் பின்முகத்தையும் குறுக்கே பிணைப்புக் கம்பியால் கட்ட வேண்டும். அடுத்த பங்குக்குப் பிறகு மறுபடியும் கட்ட வேண்டும். இதைச் செய்யாத பெட்டி முன்பக்கம் வயிறுபோலப் புடைக்கும். கல் அமர்ந்து இறங்கும் என்பதால் விளிம்புக்கு மேல் 3 முதல் 5 சென்டிமீட்டர் கூடுதலாக நிரப்பி மூடியைக் கட்டுவார்கள். பக்கத்துப் பெட்டிகளை ஒன்றோடொன்று கம்பியால் தைப்பதும் கட்டாயம். தைக்காவிட்டால் அது ஒரு சுவர் அல்ல. 50 தனித்தனிப் பெட்டிகள்.

இந்தச் சுவருக்கு ஓர் எல்லையும் உண்டு. நாம் பார்த்த கணக்கு, சுவருக்கு மேலே தரை சமமாக இருக்கும்போது மட்டுமே பொருந்தும். மேலே சரிவு தொடர்ந்தால் தள்ளுவிசை கூடும். சுவரின் அடியையும் தாண்டி ஆழத்தில் மண் வழுக்கினால், மண்ணோடு சேர்ந்து சுவரும் போய்விடும். அதனால்தான் கட்டுவதற்கு முன் துளையிட்டு மண்ணைச் சோதிக்கிறார்கள்.

நீங்களே செய்து பாருங்கள்

2 மீட்டர் உயரம், 12 மீட்டர் நீளமுள்ள சுவர். அடி அடுக்கின் அகலம் 1.5 மீட்டர், மேல் அடுக்கு 1 மீட்டர். எத்தனை பெட்டிகள், எத்தனை டன் கல் தேவை? தடுக்கும் விசை தள்ளும் விசையைப் போல் எத்தனை மடங்கு?

விடை: 1.5 மீட்டர் பெட்டிகள் 12, 2 மீட்டர் பெட்டிகள் 6, கல் 51.6 டன், தள்ளும் விசை 1.2 டன், தடுக்கும் விசை 2.5 டன், ஏறத்தாழ 2 மடங்கு.