கீசரில் 60, குழந்தையின் வாளியில் 38

சின்னக் குழந்தை இருக்கிறதே என்று கீசர் திருகியை 40, 45-இல் வைப்பவர்கள் உண்டு. நல்ல எண்ணம்தான், ஆனால் அந்தச் சூட்டில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா 20 முதல் 45 டிகிரி வரையுள்ள தண்ணீரில் பெருகும். தஞ்சாவூர் வெயிலில் மொட்டைமாடித் தொட்டியே சித்திரையில் அந்த அளவுக்குக் காய்ந்துவிடுகிறது. அங்கிருந்து வரும் தண்ணீரை வெதுவெதுப்பாகவே தேக்கி வைத்தால் அதற்கு இன்னும் தோது. அந்தத் தண்ணீரைக் குடிப்பதால் நோய் வருவது அரிது. ஷவரில் தெறிக்கும் நுண்துளிகளை மூச்சோடு இழுத்தால்தான் நிமோனியா வரக்கூடும். வயதானவர்கள், புகைபிடிப்பவர்கள், நுரையீரல் நோயுள்ளவர்கள்தான் அதிகம் கவனிக்க வேண்டியவர்கள்.

60 டிகிரியில் இந்தப் பாக்டீரியாவில் பெரும்பகுதி சில நிமிடங்களில் செத்துவிடும். 50-இல் மணிக்கணக்கில் ஆகும். ஆனால் 60 டிகிரி தண்ணீர் பெரியவர் தோலையே ஐந்து நொடி அளவில் ஆழமாக வேகவைத்துவிடும். குழந்தையின் மெல்லிய தோலுக்கு அவ்வளவு நேரம்கூட வேண்டாம். இரண்டுக்கும் நடுவே 50 என்று சமாதானம் செய்துகொண்டால் இரண்டு ஆபத்தும் பாதிப்பாதி மிஞ்சும். ஆஸ்திரேலியாவில் தொட்டியில் 60, குளியலறைக் குழாயில் 50-க்கு மேல் போகக் கூடாது என்று பிரித்தே விதி வைத்திருக்கிறார்கள். நம் வீட்டிலும் அப்படிப் பிரிப்பதுதான் வழி.

முதலில் கீசரின் உண்மையான சூட்டை அளந்து பாருங்கள். திருகியில் உள்ள எண்ணை நம்ப வேண்டாம். உப்புப் படிந்த கீசரில் அது பொய் சொல்லும். கீசரைப் போட்டு விளக்கு அணையும்வரை காத்திருங்கள். வெந்நீர்க் குழாயை அரை நிமிடம் ஓடவிட்டு, ஒரு குவளையில் பிடித்து, சமையல் தெர்மாமீட்டரை வையுங்கள். 60-க்கு மேலே போனால் திருகியைக் கொஞ்சம் குறைத்து, மறுநாள் மறுபடி அளக்க வேண்டும். வெளியே திருகி இல்லாத கீசர்களில் தெர்மோஸ்டாட் அடிமூடிக்குள் இருக்கும். அதை எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். மெயினை அணைக்காமல் யாரும் அந்த மூடியைத் திறக்கக் கூடாது.

திருகி சரியாக இருந்தாலும் சுவிட்ச் காரியத்தைக் கெடுக்கும். 15 லிட்டர், 2 கிலோவாட் கீசர் 28 டிகிரித் தண்ணீரை 60-க்குக் கொண்டுவர ஏறக்குறைய 17 நிமிடம் பிடிக்கும். கரண்ட் பில்லுக்குப் பயந்து பத்து நிமிடத்தில் அணைத்தால் 47-தான் வந்திருக்கும். தினமும் ஒருமுறையாவது விளக்கு தானாக அணையட்டும்.

அடுத்தது விளாவும் முறை. 15 லிட்டர் வாளியில் முதலில் பத்து லிட்டர் பச்சைத் தண்ணீர், அதன்மேல் ஐந்து லிட்டர் வெந்நீர். 28-உம் 60-உம் இந்தக் கணக்கில் கலந்தால் 38-க்குச் சற்று மேலே நிற்கும். மார்கழி விடியலில் தொட்டித் தண்ணீர் 24-க்கு இறங்கியிருந்தால் ஒன்பதுக்கு ஆறு. வாளியின் உட்பக்கம் பெயிண்டில் ஒரு கோடு போட்டுவிட்டால் பாட்டியோ அத்தையோ யார் குளிப்பாட்டினாலும் அளவு மாறாது. வெந்நீரை முதலில் பிடித்துவிட்டுத் துண்டு எடுக்கப் போகும் அந்த அரை நிமிடத்தில்தான் குழந்தை வாளிக்குள் கைவிடும், சில நேரம் தலைகுப்புற விழும். கையால் நன்றாகக் கலக்கி, முழங்கையை விட்டுப் பார்த்த பிறகே குழந்தையை உள்ளே அழைத்து வாருங்கள். வெந்நீர்க் குழாயின் கைப்பிடியும் அதன் கைக்கு எட்டக் கூடாது.

ஷவர் பழக்கமுள்ள வீட்டுக்குத் தெர்மோஸ்டாட்டிக் மிக்ஸர் நல்லது. ஆனால் மாடித் தொட்டி ஷவரைவிட மூன்று மீட்டர்தான் உயரம் என்றால் கிடைக்கும் அழுத்தம் 0.3 பார்தான். பல மிக்ஸர்களுக்கு அது போதாது என்பதால், குறைந்தபட்ச அழுத்தம் என்ன என்று கேட்காமல் வாங்க வேண்டாம்.

சோலார் ஹீட்டர் வைத்தவர்களுக்குச் சிக்கல் பருவத்தோடு மாறும். கோடையில் தண்ணீர் 60-ஐத் தாண்டிக் கொதிப்பாக வரும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நாள்கணக்கில் வெதுவெதுப்பாகவே நிற்கும். அந்த நாட்களில் உள்ளே இருக்கும் மின்சாரக் காயிலைப் போட்டு 60-க்கு ஏற்ற வேண்டும்.

வாரக்கணக்கில் வெளியூர் போய்த் திரும்பினால் முதல் வேலை கீசரை முழுச் சூட்டுக்கு ஏற்றுவது. பிறகு ஷவர் தலையைக் கழற்றி, சன்னலைத் திறந்து வைத்து, தண்ணீரைத் தெறிக்காமல் ஓடவிடுங்கள்.

வாளியும் குவளையுமாகக் குளிக்கும் வீட்டில் லெஜியோனெல்லாவைவிடச் சூடுபடும் ஆபத்துதான் பெரிது என்பேன். அப்படிப் பட்டுவிட்டால் 20 நிமிடம் குழாய்த் தண்ணீரை அந்த இடத்தில் ஓடவிடுங்கள். பற்பசை, மஞ்சள், ஐஸ் எதுவும் வேண்டாம். கொப்புளம் வந்தாலோ, முகத்தில் பட்டாலோ உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.