கடைசி கோரஸில் ஸ்ருதி ஏற்றும் முன்

மேடைக் கச்சேரிக்கோ ரெக்கார்டிங்குக்கோ பாட்டை அரேஞ்ச் செய்யும் வேலைக்கு வந்தவரிடம் தயாரிப்பாளரோ பாடகரோ கட்டாயம் ஒரு நாள் கேட்பார்: "கடைசி கோரஸை ஏத்திடலாமா?" சரி என்று சொல்வதற்கு முன் அந்த ஏற்றம் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

1992-ல் விட்னி ஹூஸ்டன் பாடி வெளிவந்த 'ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ'வைக் கேளுங்கள். துணை வாத்தியம் எதுவும் இல்லாமல் தணிந்த குரலில் தொடங்குகிறது. சாக்ஸபோன் தனி வாசிப்புக்குப் பிறகு வரும் சரணம்வரை ஏ மேஜரில்தான் நிற்கிறது, அதாவது நம் மேடைக் கணக்கில் 6 கட்டை. பிறகு எல்லாம் நின்றுபோகிறது. ஒரே ஒரு டிரம் அடி விழுகிறது. அடுத்த நொடி கோரஸ் பி மேஜரில், 7 கட்டையில் வெடிக்கிறது.

மெட்டு அதேதான். முந்தைய கோரஸ்களில் காது அதை மனப்பாடம் செய்துவிட்டது, அடுத்த ஸ்வரம் எங்கே விழும் என்று அதற்குத் தெரியும். எல்லா ஸ்வரங்களும் ஒன்றாக ஒரு கட்டை மேலே போய்விடுவதால், பழகிய பாட்டு புதிதாகக் கேட்கிறது. அதைவிட முக்கியமானது குரல். ஒரு கட்டை ஏறினால் ஒவ்வொரு ஸ்வரத்தின் அதிர்வெண்ணும் சுமார் 12 சதவீதம் கூடுகிறது. உச்ச ஸ்வரத்தைப் பிடிக்கப் பாடகர் கூடுதல் மூச்சும் அழுத்தமும் கொடுக்கிறார், குரலின் நிறமே மாறுகிறது. கேட்பவரை அசைப்பதில் பெரும்பங்கு இந்த முயற்சிக்குத்தான் என்பது என் கருத்து. அதனால்தான் கணினியில் குரலை அப்படியே நகர்த்தி ஏற்றினால் பாட்டு எழுவதில்லை. பாடகரை மறுபடி பாட வையுங்கள்.

அரைக் கட்டை ஏற்றம் சிறியது, ஆகவே மென்மையானது என்று பலர் நினைக்கிறார்கள். மைக்கேல் ஜாக்சனின் 'மேன் இன் த மிரர்' 5 கட்டையிலிருந்து ஐந்தரைக்கு, அரைக் கட்டைதான் ஏறுகிறது. ஆனால் ஜி மேஜருக்கும் ஏ ஃபிளாட் மேஜருக்கும் பொதுவான ஸ்வரங்கள் இரண்டே. ஒரு கட்டை ஏறினால் ஐந்து ஸ்வரங்கள் பொதுவாக இருக்கும். உயரம் குறைவு என்றாலும் அரைக் கட்டையில்தான் காது வேறொரு இடத்துக்குப் போய்விட்டதாக உணர்கிறது.

வேலையைக் கடைசியிலிருந்து தொடங்குங்கள். உங்கள் பாடகரின் குரல் நடு ஆக்டேவின் ஏ வரை திடமாக நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்கு மேல் போனால் குரல் இறுகுகிறது. கோரஸின் உச்சம் பஞ்சமம். அப்படியானால் கடைசி கோரஸ் டி மேஜரைத் தாண்டக் கூடாது. ஒரு கட்டை ஏற்றுவதானால் பாட்டைச் சி மேஜரில் தொடங்க வேண்டும். அந்த ஸ்ருதியில் சரணத்தின் கீழ் ஸ்வரங்கள் காற்றாகிப் போகின்றனவா என்று அடுத்துப் பாருங்கள். போனால் இந்தப் பாடகருக்கு அரைக் கட்டைதான் சரி, அல்லது ஏற்றமே வேண்டாம். இந்தச் சோதனையை ஒத்திகையின் தொடக்கத்தில் செய்யாதீர்கள், குரல் களைத்த பிறகு செய்யுங்கள்.

அடுத்தது பாலம். சி மேஜரில் கோரஸுக்கு முன் காது எதிர்பார்ப்பது ஜி செவன். அந்த ஒரு பாரில் ஏ செவன் வாசியுங்கள். அதிலுள்ள சி ஷார்ப் பழைய ஸ்ருதிக்கு அந்நியமானது, டி மேஜர் வருவதை அதுவே அறிவித்துவிடும். கோரஸ் தொடங்கும் ஸ்வரம் இந்தக் கார்டுக்குள் இருந்தால் பாடகர் தடுமாற மாட்டார். இல்லையென்றால் முதல் அடியில் கால் கட்டை தணிந்து பாடி, இரண்டாவது பாரில்தான் சேர்ந்துகொள்வார். அதைக் கேட்டால் குறையைப் பாடகரிடம் தேடாதீர்கள், பாலத்தைத் திருத்துங்கள்.

வாத்தியக்காரர்களுக்கும் முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். சி மேஜரில் ஆல்டோ சாக்ஸபோன்காரர் மூன்று ஷார்ப்போடு வாசிப்பார். டி மேஜருக்கு ஏறியதும் அது ஐந்தாகிவிடும். மேடையில் சொல்லிக்கொள்ளலாம் என்று விடுகிற விஷயம் இல்லை இது. கீபோர்டில் டிரான்ஸ்போஸ் பட்டனை நம்புகிறவர்கள், பாட்டு முடிந்ததும் அதைப் பழைய இடத்துக்குக் கொண்டுவர மறக்கக் கூடாது.

எத்தனை முறை செய்யலாம்? அமெரிக்க பில்போர்டு பட்டியலில் 1958 முதல் 1990 வரை முதலிடம் பிடித்த பாடல்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்றில் ஏதாவது ஒரு ஸ்ருதி மாற்றம் இருந்ததாகக் கிறிஸ் டல்லா ரிவா என்ற ஆய்வாளர் கணக்கெடுத்திருக்கிறார். 2010-களில் முதலிடம் பிடித்தவற்றில் அவர் கண்டது ஒன்றே ஒன்று. மெட்டைவிடத் தாளத்தையும் சொல்லையும் நம்பும் ஹிப்-ஹாப்பின் எழுச்சியும், கணினியில் அடுக்கடுக்காகப் பாட்டைக் கட்டும் முறையும் இதற்குக் காரணம் என்கிறார். பழைய பாணி என்ற முத்திரையும் சேர்ந்துகொண்டது.

ஒரு கச்சேரியில் இரண்டு பாட்டுக்கு மேல் ஏற்றாதீர்கள். மூன்றாவது முறை கூட்டம் முன்கூட்டியே எதிர்பார்த்துவிடும். பாடகர் கேட்டாலும், முதலில் ஏற்றாமல் கடைசி கோரஸை ஒருமுறை முழுதாகப் பாட வைத்துக் கேளுங்கள். அதுவே நிறைவாக இருந்தால் ஸ்ருதியைத் தொடாதீர்கள்.