தீபாவளி மாதத்தில் கல்லா காலியாகாமல் இருக்க: சிறு கடைக்கான மாதாந்திர பணவரவு பட்ஜெட், முழுமையான வழிகாட்டி

ஜவுளிக்கடை வைத்திருப்பவர்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். வியாபாரம் சூடாக இருக்கும் மாதத்தில்தான் கையில் பணம் இருக்காது. லாபம் வருகிறது, ஆனால் மொத்த வியாபாரிக்குக் கொடுத்த செக்குக்குக் கணக்கில் பணம் போதவில்லை. இது எந்த மாதம் வரும், எவ்வளவு குறையும் என்பதை முன்கூட்டியே ஒரு தாளில் பார்த்துவிட முடியும். ஒரு சிறு ஊர் ஜவுளிக்கடையை உதாரணமாக வைத்துக்கொண்டு, செப்டம்பர் முதல் நவம்பர் வரை மூன்று மாதங்களுக்குச் சேர்த்தே போட்டுப் பார்ப்போம். தீபாவளி நவம்பர் முதல் வாரத்தில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம்.

## என்ன போடப் போகிறோம்?

இது லாப நஷ்டக் கணக்கு அல்ல. பணம் எந்த மாதம் உள்ளே வருகிறது, எந்த மாதம் வெளியே போகிறது என்ற கணக்கு மட்டும்தான். அக்டோபரில் கடனுக்கு விற்ற சேலை லாபக் கணக்கில் அக்டோபரிலேயே ஏறிவிடும். நம் தாளில் அது டிசம்பரில்கூட ஏறலாம். அதேபோல வங்கிக் கடனின் அசல் தவணை, சீட்டுப் பணம், வீட்டுச் செலவுக்கு எடுப்பது, இவை எதுவும் லாபக் கணக்கில் செலவாகத் தெரியாது. ஆனால் மூன்றும் கல்லாவிலிருந்துதான் போகின்றன, அதனால் மூன்றையும் எழுத வேண்டும்.

## எவ்வளவு செலவு, எவ்வளவு நேரம்?

ஒரு நீள நோட்டு போதும். கடன் நோட்டு, வங்கிப் பாஸ்புக், போன வருட விற்பனைக் குறிப்பு ஆகிய மூன்றும் பக்கத்தில் இருந்தால் முதல் முறை ஒரு மாலை ஆகும். அடுத்த மாதத்திலிருந்து அரை மணி நேரம்.

## முதல் படி: கையிருப்பை எண்ணுவோம்

ஆகஸ்ட் 31 இரவு கல்லாவில் உள்ள ரொக்கத்தையும் வங்கியில் உள்ள தொகையையும் கூட்டுகிறோம். வாங்கி வைத்திருக்கும் செக், "நாளைக்குப் போடுகிறேன்" என்று சொன்ன பாக்கி, இரண்டையும் சேர்க்கக் கூடாது. நாம் கொடுத்து இன்னும் வங்கிக்கு வராத செக் இருந்தால் அதைக் கழித்துவிட வேண்டும். நம் உதாரணக் கடையில் இது 60,000 ரூபாய்.

## இரண்டாம் படி: விற்பனையை மதிப்பிடுவோம்

போன வருடம் அதே பண்டிகைக் காலத்து விற்பனையை எடுத்து, இந்த வருடம் தெரிந்த மாற்றங்களைச் சேர்க்கிறோம். மாதத்தின் பெயரை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம், ஏனென்றால் தீபாவளி ஒரு வருடம் அக்டோபரிலும் ஒரு வருடம் நவம்பரிலும் வருகிறது. தீபாவளிக்கு எத்தனை வாரம் முன்பு எவ்வளவு விற்றது என்று பார்ப்பதே சரி.

நம் கடையில் ஜூலை, ஆகஸ்ட் இரண்டிலும் மாதம் 3,00,000 விற்றிருக்கிறது. செப்டம்பரும் அதே அளவுதான். அக்டோபரில் 6,00,000, நவம்பரில் 4,00,000 என்று மதிப்பிடுகிறோம்.

## மூன்றாம் படி: கடன் எப்போது திரும்புகிறது?

இந்தத் தாளின் உயிர் இங்கேதான் இருக்கிறது, அதனால் இதற்கு நேரம் கொடுப்போம்.

முதலில், விற்பனையில் எத்தனை பங்கு கைப்பணம், எத்தனை பங்கு கடன் என்று பிரிக்க வேண்டும். மொபைலில் ஸ்கேன் செய்து வரும் பணமும் கைப்பணம்தான். அடுத்து, கடன் நோட்டில் நாலைந்து மாதம் பழைய ஒரு மாதத்தை எடுப்போம். உதாரணமாக ஏப்ரல். அந்த மாதம் கொடுத்த ஒவ்வொரு கடனுக்கும் எதிரே, பணம் வந்த மாதத்தைப் பென்சிலால் குறிப்போம். மே மாதம் வந்தது எவ்வளவு, ஜூனில் எவ்வளவு, இன்னும் நிற்பது எவ்வளவு என்று கூட்டினால் நம் கடையின் வசூல் பழக்கம் தெரிந்துவிடும். முடிந்தால் மே மாதத்துக்கும் இதையே செய்து ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. ஒரே ஒரு கல்யாண ஜவுளி பாக்கி முழு மாதத்தையும் மாற்றிக் காட்டிவிடும்.

நம் கடையில் கிடைத்தது இது: விற்பனையில் 60 சதவீதம் கைப்பணம், 40 சதவீதம் கடன். அந்தக் கடனில் பாதி அடுத்த மாதம் வருகிறது, 40 சதவீதம் அதற்கு அடுத்த மாதம் வருகிறது. மீதி 10 சதவீதம் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. சொல்ல முடியாததைத் தாளில் எழுதவே வேண்டாம். வந்தால் சந்தோஷம்.

அக்டோபரை மட்டும் போட்டுப் பார்ப்போம். விற்பனை 6,00,000, அதில் கைப்பணம் 3,60,000. செப்டம்பரில் கடனுக்குப் போனது 1,20,000, அதில் பாதி 60,000 இப்போது வரும். ஆகஸ்ட் கடனும் 1,20,000, அதில் 40 சதவீதமான 48,000 வரும். மொத்த வரவு 4,68,000. ஆறு லட்சத்துக்கு விற்கும் மாதத்தில் உள்ளே வருவது அவ்வளவுதான். இதே வழியில் செப்டம்பருக்கு 2,88,000, நவம்பருக்கு 4,08,000 கிடைக்கிறது.

## நான்காம் படி: வெளியே போகும் பணம்

பெரிய செலவு சரக்கு. நம் கடையில் 100 ரூபாய்க்கு விற்கும் துணியின் கொள்முதல் 75 ரூபாய். ஈரோட்டிலிருந்தோ சூரத்திலிருந்தோ வரும் சரக்கை விற்பனைக்கு ஒரு மாதம் முன்பே எடுக்கிறோம், மொத்த வியாபாரி 30 நாள் தவணை தருகிறார். ஆக, அக்டோபரில் விற்கப்போகும் சரக்கைச் செப்டம்பரில் எடுத்து, அக்டோபரில் பணம் கட்டுகிறோம். அந்தத் தொகை 4,50,000. செப்டம்பரில் கட்ட வேண்டியது 2,25,000, நவம்பரில் 3,00,000.

மாதாமாதம் போவது: வாடகை 15,000, இரண்டு பேர் சம்பளம் 24,000, வங்கித் தவணை 12,000, வீட்டுக்கு 25,000, பார்சல் கூலி, பை, டீ முதலியவை 5,000. மொத்தம் 81,000.

பிறகு, எப்போதாவது வருவதைத் தேடிப் பிடிக்க வேண்டும். புதியவர்கள் கோட்டை விடுவது பெரும்பாலும் இங்கேதான். தமிழ்நாட்டில் கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருகிறது. நம் கடைக்கு அது அக்டோபரில் வருகிறது, 7,000. தீபாவளி போனஸாக ஒரு மாதச் சம்பளம் 24,000. கடை ஜிஎஸ்டியில் காம்போசிஷன் திட்டத்தில் இருப்பதால், விற்பனையில் 1 சதவீத வரியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை கட்டுகிறோம். ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான 9,00,000-க்கு 9,000 ரூபாயை அக்டோபர் 18-க்குள் கட்ட வேண்டும். மூன்றும் அக்டோபரிலேயே வந்து நிற்கின்றன, கூடுதலாக 40,000.

## ஐந்தாம் படி: ஒரே தாளில் சேர்ப்போம்

| | செப்டம்பர் | அக்டோபர் | நவம்பர் |
|---|---|---|---|
| தொடக்கக் கையிருப்பு | 60,000 | 42,000 | −61,000 |
| கைப்பண விற்பனை | 1,80,000 | 3,60,000 | 2,40,000 |
| கடன் வசூல் | 1,08,000 | 1,08,000 | 1,68,000 |
| சரக்குக்குக் கட்டுவது | 2,25,000 | 4,50,000 | 3,00,000 |
| மாதச் செலவு | 81,000 | 81,000 | 81,000 |
| எப்போதாவது வருவது | – | 40,000 | – |
| மாதக் கடைசி இருப்பு | 42,000 | −61,000 | −34,000 |

ஒரு மாதத்தின் கடைசி இருப்பு அடுத்த மாதத்தின் தொடக்கம் ஆகிறது. அக்டோபரில் துணியின் மீது மட்டும் 1,50,000 லாபம் கிடைக்கிறது, ஆனால் மாதக் கடைசியில் 61,000 ரூபாய் துண்டு விழுகிறது. சில்லறைக்கும் அவசரத்துக்கும் எப்போதும் 20,000 கையில் இருக்க வேண்டும் என்று வைத்தால், நமக்குத் தேவை 81,000.

## குறையை எப்படி அடைப்பது?

மொத்த வியாபாரியிடம் தவணை கேட்பதுதான் பலருக்கும் முதலில் தோன்றும். அக்டோபர் பாக்கியில் ஒரு லட்சத்தை நவம்பருக்குத் தள்ளினால் அக்டோபர் 39,000 இருப்போடு முடியும். ஆனால் நவம்பர் கடைசியில் அதே −34,000 தான் நிற்கும். நவம்பர் கடைசியிலும் துண்டு விழுகிறது என்பதால், டிசம்பருக்குத் தள்ளக்கூடிய தொகையைத்தான் கேட்க வேண்டும்.

என் கருத்தில் முதலில் தொட வேண்டியது கடன் விற்பனையைத்தான். அக்டோபரில் மட்டும் கடனை 40 சதவீதத்திலிருந்து 30 சதவீதமாகக் குறைத்தால் என்ன ஆகும்? கைப்பணம் 4,20,000 ஆகிறது, அக்டோபர் −1,000-ல் முடிகிறது. நவம்பரில் வர வேண்டிய வசூல் 30,000 குறைவதால் அந்த மாதம் −4,000-ல் முடிகிறது. பெரும்பகுதி அங்கேயே அடைபட்டுவிட்டது. பண்டிகைக்குத் துணி எடுக்க வருபவர்களில் பலர் போனஸ் வாங்கியவர்கள், பாதியையாவது முன்பணமாகக் கேட்க அதைவிட நல்ல சமயம் கிடையாது. பழைய பாக்கி உள்ளவரிடம் புதிய பில் போடும் முன் பழையதை முடிக்கச் சொல்வதும் அப்போதுதான் எளிது. விற்பனை கொஞ்சம் குறையலாம் என்பதையும் மறக்க வேண்டாம். அதற்கு ஒரு மதிப்பு வைத்துத் தாளை இன்னொரு முறை போட்டுப் பார்த்துவிடுவோம்.

இத்தனைக்குப் பிறகும் 20,000 இருப்பு வைக்க 24,000 ரூபாய் தேவைப்படுகிறது. அதை வங்கியில் ஓவர்டிராஃப்டாகவோ, முத்ரா திட்டத்தில் 50,000 ரூபாய் வரை தரும் சிசு கடனாகவோ கேட்கலாம். கேட்க வேண்டிய மாதம் செப்டம்பர். கணக்குத் தாளோடு போனால் எவ்வளவு, எப்போது திருப்புவோம் என்ற இரண்டு கேள்விக்கும் பதில் கையில் இருக்கும்.

## எச்சரிக்கை

மாதக் கடைசி இருப்பு மட்டும் சரியாக இருந்தால் போதாது. தீபாவளி விற்பனையின் பெரும்பகுதி அக்டோபர் கடைசி இரண்டு வாரத்தில் வரும். மொத்த வியாபாரிக்குக் கொடுத்த செக்கோ 10-ஆம் தேதியே வங்கிக்கு வரலாம். அதனால் நெருக்கடியான மாதத்தை மட்டும் வாரவாரமாகப் பிரித்து, ஒவ்வொரு செக்கின் தேதியையும் எதிரே எழுதிப் பார்க்க வேண்டும். பணமில்லாமல் செக் திரும்பினால் செலாவணி முறிச் சட்டத்தின் 138-ஆம் பிரிவில் வழக்கு வரலாம். அதைவிட, அடுத்த சீசனுக்குத் தவணை கிடைக்காது.

தினத்தவணைக் கடன் அவசரத்துக்கு எளிதாகத் தோன்றும். கையில் 8,500 வாங்கி, தினம் 100 ரூபாயாக 100 நாள் கட்டுவது அதில் வழக்கம். 8,500-க்கு மூன்றே மாதத்தில் 1,500 போகிறது. அதிலும் முதல் நாளிலிருந்தே திருப்பிக் கட்டுவதால் நம் கையில் முழுத்தொகை ஒரு வாரம்கூட நிற்பதில்லை. பண்டிகைச் சரக்கின் லாபத்தை அது தின்றுவிடும்.

## ஆறாம் படி: மாதக் கடைசியில் ஒப்பிடுவோம்

செப்டம்பர் 30 இரவு, ஒவ்வொரு மதிப்பீட்டின் பக்கத்திலும் உண்மையில் நடந்ததை எழுதுகிறோம். விற்பனை குறைந்ததா, வசூல் தாமதமானதா என்று தனித்தனியாகப் பார்க்க வேண்டும், இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. விற்பனை சரியாக இருந்து வசூல் 1,08,000-க்குப் பதில் 90,000 என்றால், பாதி வரும் என்ற கணக்கு மாறிவிட்டது. அக்டோபர், நவம்பர் இரண்டிலும் அந்தச் சதவீதத்தைத் திருத்திக்கொள்கிறோம். பாக்கி வைத்தவர்களின் பட்டியலைத் தொகை பெரியதிலிருந்து எழுதி, முதல் பத்துப் பேரிடம் அந்த வாரமே பேசுகிறோம். பிறகு முடிந்த செப்டம்பரை அடித்துவிட்டு, வலது பக்கம் டிசம்பருக்கு ஒரு புதிய நெடுவரிசை போடுகிறோம்.