கோதுமை வீட்டில் ஒரு சோர்வு



பஞ்சாபில் கோதுமை வயல்களுக்கு நடுவே உள்ள ஒரு கிராமத்திலிருந்து, 19 வயதுக் கல்லூரி மாணவி ஒருத்தியை அவளுடைய தாய் எங்களிடம் அழைத்து வந்தார். "இரண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது, டாக்டர். வகுப்பில் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுகிறேன். எல்லோரும் சோம்பேறி என்கிறார்கள்" என்றாள். அவளுடைய ஹீமோகுளோபின் 7.6 கிராம்தான். உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் மிகக் குறைவு.

இந்த வயதில் இரத்தசோகைக்கு மாதவிடாயில் மிகுந்த இரத்தப்போக்கோ, கொக்கிப்புழுவோ, போதாத உணவோதான் பெரும்பாலும் காரணம். இவளிடம் அவை எதுவும் இல்லை. இரும்பு மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டால் நான்கு வாரத்தில் ஹீமோகுளோபின் ஒரு கிராமாவது ஏறவேண்டும். இவளுக்குத் தாயே மூன்று மாதம் எண்ணிக் கொடுத்திருந்தார். ஆனாலும் ஏறவில்லை.

மாத்திரை வயிற்றுக்குள் போகிறது, இரத்தத்தில் சேரவில்லை என்பது புரிந்தது. இரும்பு உறிஞ்சப்படுவது சிறுகுடலின் தொடக்கப் பகுதியில். சீலியாக் நோய் முக்கியமாகத் தாக்குவதும் அங்கேதான். கோதுமை, பார்லி ஆகியவற்றிலுள்ள குளூட்டன் என்னும் புரதம் உள்ளே போகும்போது, உடலின் எதிர்ப்புச் சக்தி தன் குடலையே தாக்குகிறது. சத்தை உறிஞ்சும் விரல் போன்ற நுண்முளைகள் தேய்ந்து தட்டையாகின்றன. வயிற்றுப்போக்கே இல்லாமல், இரத்தசோகை மட்டுமே அடையாளமாக இருப்பதும் உண்டு.

இரத்தத்தில் டிடிஜி எதிர்ப்பொருள் சோதனை செய்தோம். "முடிவு தெரியும்வரை சப்பாத்தியை நிறுத்தாதே" என்று சொல்லியிருந்தோம். நிறுத்தினால் எதிர்ப்பொருள் குறையும், குடலும் ஆறத் தொடங்கும், நோய் மறைந்துகொள்ளும். அளவு மிக உயர்ந்திருந்தது. எண்டோஸ்கோப்பி வழியாகக் குடலிலிருந்து எடுத்த சிறு துணுக்குகளும் அதையே உறுதிப்படுத்தின.

"கோதுமை விளைகிற வீட்டில் கோதுமை கூடாதா?" என்று தாய் அழுதார். ஆம், ஆயுள் முழுவதும் கூடாது. மைதா, ரவை, சேமியாவும் கூடாது. அரிசி, மக்காச்சோளம், கம்பு, பருப்பு சாப்பிடலாம். இரும்பு மாத்திரையும் தொடர்ந்தது.

ஆறு மாதத்தில் ஹீமோகுளோபின் 10 வரை ஏறி நின்றுவிட்டது. எதிர்ப்பொருளும் போதிய அளவு இறங்கவில்லை. "ஒரு சப்பாத்திகூடக் கொடுக்கவில்லை" என்றார் தாய். "மக்காச்சோளத்தை எங்கே அரைக்கிறீர்கள், அம்மா?" என்று கேட்டோம். ஊர் மாவு மில்லில், அதுவும் எல்லோருடைய கோதுமையையும் அரைக்கிற அதே கல்லில்! சமையலில் போட்ட கூட்டுப் பெருங்காயத்திலும் கோதுமை மாவு கலந்திருந்தது.

அதன்பின் வீட்டிலேயே தனியாக அரைத்தார்கள். ஒரு வருட முடிவில் ஹீமோகுளோபின் 12.4 ஆனது.

இந்நோய் குடும்பத்தில் வரக்கூடியது என்பதால் பெற்றோரையும் தம்பியையும் சோதித்தோம். ஒரு தொந்தரவும் இல்லாத தம்பிக்கும் அது இருந்தது. இப்போது அந்த வீட்டில் மக்காச்சோள ரொட்டி இரண்டு பேருக்கு.